அலுமினியத்தில் எத்தனை மி.மீ. மரை, ஸ்டீலில் எத்தனை? போல்ட்டின் பிடிப்பு நீளத்தைக் கணக்கிடும் முழுமையான வழிகாட்டி

"ஸ்டீல்னா விட்டத்துக்குச் சமமா மரை போடு, அலுமினியம்னா ரெண்டு மடங்கு போடு." பட்டறையில் காலம்காலமாகச் சொல்லிவரும் கணக்கு இது. பெரும்பாலும் பலிக்கும். ஆனால் இதில் துளை எந்த உலோகம் என்று மட்டும்தான் இருக்கிறது, எந்தப் போல்ட் என்ற கேள்வியே இல்லை. எம்8 போல்ட் 8.8 கிரேடாக இருந்து, அதை 6061-டி6 அலுமினியத்தில் மாட்டினால் 12 மி.மீ. மரை போதும். அதே எம்8 12.9 கிரேடாக இருந்து, அதைச் சாதாரண எம்.எஸ். பிளேட்டில் மாட்டினால் 13 மி.மீ. வேண்டும். இங்கே ஸ்டீலுக்குத்தான் அதிக நீளம் தேவைப்படுகிறது. இந்த எண்கள் எப்படி வருகின்றன என்பதை ஒரே ஒரு எம்8 × 1.25 போல்ட்டை வைத்துக்கொண்டு படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில் எது உடைய வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

போல்ட்டை இறுக்கிக்கொண்டே போனால் மூன்றில் ஒன்று நடக்கும். போல்ட் அறுந்துபோகும், அல்லது துளையின் மரை உரிந்துவிடும், அல்லது போல்ட்டின் மரை உரிந்துவிடும். இவற்றில் போல்ட் அறுவதுதான் நமக்கு நல்லது. அறுந்த போல்ட் கண்ணுக்குத் தெரியும், எடுத்துவிட்டு வேறு போடலாம். மரை அப்படி உரிவதில்லை. முதலில் கொஞ்சம் வளையும், அடுத்த முறை இறுக்கும்போது இன்னும் கொஞ்சம் வளையும். போல்ட் இடத்தில் இருப்பதுபோலவே தெரியும், ஆனால் பிடிமானம் பாதியாகியிருக்கும். அதோடு, போல்ட் சில ரூபாய்ப் பொருள். மரை போனால் கெடுவது முழு ஹவுசிங் அல்லது பிளேட்.

ஆகவே நாம் தேடும் குறைந்தபட்ச நீளம் என்பது, போல்ட்டின் தண்டு அறும் விசை வந்தாலும் மரை தாங்கி நிற்கும் நீளம். சென்சார் மூடி மாதிரி இடங்களில் போல்ட் அதன் முழுப் பலத்தையும் ஒருபோதும் காட்டப்போவதில்லை என்றால், உண்மையில் வரும் விசையை வைத்துக் குறைவான நீளம் கொடுக்கலாம். ஆனால் அந்தப் போல்ட்டை நாளை யாராவது நீளமான ஆலன் கீயால் இறுக்கமாட்டார்கள் என்று உறுதி இருந்தால் மட்டுமே அப்படிச் செய்யலாம்.

படி 1: போல்ட் எவ்வளவு இழுவிசையில் அறும்

போல்ட் 8 மி.மீ. தடிமன் என்றாலும், மரை வெட்டிய இடத்தில் உள்ளே மிஞ்சியிருக்கும் உலோகம்தான் இழுவிசையைத் தாங்குகிறது. அந்தப் பரப்புக்கான சூத்திரம்:

```
At = 0.7854 × (D − 0.9382 p)²
M8 × 1.25:  At = 0.7854 × (8 − 1.173)² = 36.6 mm²
```

இதில் D போல்ட்டின் விட்டம், p பிட்ச், அதாவது அடுத்தடுத்த இரண்டு மரைகளுக்கு இடையே உள்ள தூரம். இந்தப் பரப்பை போல்ட்டின் இழுவிசை வலிமையால் பெருக்க வேண்டும். போல்ட் தலையில் இருக்கும் கிரேடு எண்ணின் முதல் பகுதியை 100ஆல் பெருக்கினால் அந்த வலிமை மெகா பாஸ்கலில் கிடைக்கும். 8.8 என்றால் 800. 12.9 என்றால் 1200 என்று வரும், தரநிலையில் கேட்கும் குறைந்தபட்சம் 1220. அப்படியானால் 8.8 எம்8 போல்ட் அற 29.3 கிலோ நியூட்டன் வேண்டும், 12.9 போல்ட் அற 44.7 கிலோ நியூட்டன் வேண்டும். ஒன்றரை மடங்கு வித்தியாசம். கடையில் கிடைக்கும் கறுப்பு ஆலன் போல்ட் பெரும்பாலும் 12.9தான். ஹெக்ஸ் போல்ட்டை நினைத்துக் கணக்குப் போட்டுவிட்டு ஆலன் போல்ட்டை மாட்டும் இடங்களில்தான் அலுமினிய மரை அதிகம் உரிகிறது.

படி 2: துளையின் மரை எங்கே அறுகிறது

அலுமினியம் போல்ட்டைவிட மென்மையானது. அதனால் உரியும்போது போல்ட் மரையின் நுனி ஓரமாக, அதாவது போல்ட்டின் வெளிவிட்டத்தில், அலுமினியம் உருளை வடிவில் அறுந்து வரும். கழற்றிப் பார்த்தால் போல்ட்டின் பள்ளங்களுக்குள் அலுமினியம் ஸ்பிரிங் மாதிரி சுருண்டு உட்கார்ந்திருக்கும். நகத்தால் ஒரு முனையைத் தூக்கினால் அப்படியே சுற்றிக்கொண்டு வந்துவிடும். போல்ட்டின் மரைக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

அந்த அறுபடும் உருளையின் பரப்பு, ஒவ்வொரு மி.மீ. நீளத்துக்கும் எவ்வளவு என்பதுதான் இரண்டாவது எண்:

```
An = (π / p) × Dmin × [ p/2 + 0.57735 × (Dmin − Emax) ]
M8 6g/6H:  Dmin = 7.760,  Emax = 7.348
An = 2.513 × 7.760 × [0.625 + 0.238] = 16.8 mm² (ஒரு மி.மீ. நீளத்துக்கு)
```

Dmin என்பது டாலரன்ஸ் அனுமதிக்கும் மிகச் சிறிய போல்ட் வெளிவிட்டம். Emax என்பது துளையின் மிகப் பெரிய பிட்ச் விட்டம். சிறிய போல்ட்டும் பெரிய துளையும் சேர்ந்துவிட்டால் என்ன ஆகும் என்ற மோசமான நிலைக்கே கணக்குப் போடுகிறோம். 8 மி.மீ. என்ற பெயரளவை அப்படியே வைத்துக் கணக்கிட்டால் பரப்பு கூடுதலாக வந்து நம்மை ஏமாற்றும்.

டேப்பை ஓட்டும் விதத்தாலும் இந்தப் பரப்பு குறையும் என்பதையும் இந்தச் சூத்திரம் காட்டுகிறது. கையால் சாய்வாக ஓட்டினாலோ, ஆடும் டேப்பால் துளையின் வாய் விரிந்தாலோ Emax கூடிவிடும். அதற்கேற்ப அடைப்புக்குள் இருக்கும் எண் குறையும். அலுமினியம் மென்மையானது என்பதால் டேப் சுலபமாக ஓடும், சாய்ந்தாலும் கைக்குத் தெரியாது. ஆகவே துளையிட்ட மெஷினிலேயே, அதே செட்டிங்கில் டேப்பைத் தொடங்கிவிடுவது நல்லது.

படி 3: துளை உலோகத்தின் வலிமை

மரையை அறுப்பது ஷியர் விசை. இழுவிசை வலிமையில் பாதியை ஷியர் வலிமையாக எடுத்துக்கொள்வது வழக்கம். 6061-டி6 விஷயத்தில் உண்மை எண் இதைவிட நல்லதாகவே இருக்கும். அதன் வழக்கமான இழுவிசை வலிமை 310, ஷியர் வலிமை 207, அதாவது மூன்றில் இரண்டு பங்கு. இருந்தாலும் பாதி என்றே வைக்கச் சொல்வேன். மரை வெறும் ஷியரில் மட்டும் போவதில்லை, வளையவும் செய்யும், துளைச் சுவர் கொஞ்சம் விரியவும் செய்யும். அந்த மீதி பலம் அவற்றுக்குச் சரியாகிவிடும்.

இங்கே தவறு செய்ய வாய்ப்பு அதிகம், ஏனென்றால் 'அலுமினியம்' என்று ஒரே பொருள் கிடையாது. 6061-டி6 பிளேட்டுக்குக் குறைந்தபட்ச இழுவிசை வலிமை 290 மெகா பாஸ்கல். ஜன்னல் ஃபிரேம் செக்‌ஷனில் வரும் 6063, டி6 நிலையிலேயே 205தான். மணல் அச்சில் வார்த்த எல்எம்6 வெறும் 160. கண்ணுக்கு மூன்றும் ஒரே வெள்ளை நிறம். ஸ்கிராப் குவியலில் எடுத்த, எந்த அலாய் என்று தெரியாத துண்டுக்குக் கணக்குப் போட வேண்டியிருந்தால் 160 என்று வைத்துப் போடுங்கள்.

ஸ்டீலிலும் இதே கதைதான். ஐஎஸ் 2062 இ250 பிளேட், அதாவது நாம் எம்.எஸ். என்று சொல்வது, 410. இஎன்8 நார்மலைஸ் செய்தது 550.

படி 4: வகுத்துப் பாருங்கள்

போல்ட் அறும் விசையை, ஒரு மி.மீ. மரை தாங்கும் விசையால் வகுத்தால் நீளம் கிடைத்துவிடும். 6061-டி6க்கு: ஒரு மி.மீ. தாங்குவது 16.8 × 145 = சுமார் 2.44 கிலோ நியூட்டன். 8.8 போல்ட்டின் 29.3ஐ இதால் வகுத்தால் 12 மி.மீ. மற்றவற்றுக்கும் இதேபோல:

| துளை உலோகம் | 8.8 போல்ட் | 12.9 போல்ட் |
|---|---|---|
| இஎன்8 (550) | 6.3 மி.மீ. | 9.7 மி.மீ. |
| எம்.எஸ். (410) | 8.5 மி.மீ. | 13 மி.மீ. |
| 6061-டி6 (290) | 12 மி.மீ. | 18.3 மி.மீ. |
| 6063-டி6 (205) | 17 மி.மீ. | 26 மி.மீ. |
| எல்எம்6 மணல் வார்ப்பு (160) | 22 மி.மீ. | 33 மி.மீ. |

பட்டறைக் கணக்கு எங்கிருந்து வந்தது என்பது இப்போது புரியும். எம்.எஸ்.ஸில் 8.8 போல்ட்டுக்கு விட்டத்துக்குச் சற்றே கூடுதல். 6061இல் ஒன்றரை மடங்கு, 6063இல் இரண்டு மடங்கு. வார்ப்பு அலுமினியத்தில் 12.9 போட்டால் எந்தப் பழைய விதியும் காப்பாற்றாது. 33 மி.மீ. என்ற எண்ணைப் பார்த்து அவ்வளவு ஆழம் மரை போடச் சொல்லவில்லை. அந்த ஜோடியே தப்பு என்று அந்த எண் காட்டுகிறது.

எம்6 முதல் எம்12 வரை வழக்கமான பிட்ச்சில் இந்த முழுக் கணக்கையும் ஒரே வரியில் அடக்கலாம்:

```
L = 0.55 × D × (போல்ட் வலிமை ÷ துளை உலோக வலிமை)
```

எம்10 8.8 போல்ட் 6061இல் என்றால் 0.55 × 10 × (800 ÷ 290) = 15.2 மி.மீ. டிராயிங் போடும் மேசையில் இது போதும்.

இந்த வரிக்கு ஒரு கீழ் எல்லை உண்டு. துளை உலோகம் மிகக் கடினமாக இருந்தால் எண் குறைந்துகொண்டே போகும். ஆனால் அப்போது துளைக்குப் பதில் போல்ட்டின் மரைதான் உரியத் தொடங்கும். போல்ட் மரை அறுபடுவது துளையின் உள்விட்டத்தில், அங்கே பரப்பு குறைவு. எம்8இல் மி.மீ.க்கு 12.2 சதுர மி.மீ.தான். அதை வைத்துப் போட்டால் 6 மி.மீ. வருகிறது. ஆகவே எவ்வளவு கடினமான ஸ்டீலாக இருந்தாலும் விட்டத்தின் முக்கால் பங்குக்குக் கீழே இறங்கக் கூடாது. எம்8 நட்டின் உயரம் 6.8 மி.மீ. வரை இருப்பதும் இதோடு ஒத்துப்போகிறது.

படி 5: கணக்கில் வந்த நீளம் துளையின் ஆழம் அல்ல

12 மி.மீ. என்பது இரண்டு பக்கமும் முழு மரை பிடித்திருக்கும் நீளம். அதற்குள் வராதவை மூன்று. துளை வாயில் போடும் சேம்பர் சுமார் 1 மி.மீ. போல்ட் நுனியில் சரிந்த பகுதி, ஒரு பிட்ச் என்று வைத்துக்கொள்ளலாம். அடைத்த துளை என்றால் அடியில் டேப்பின் சரிந்த பற்கள் விட்டுச்செல்லும் அரைகுறை மரை. அந்த அரைகுறைப் பகுதி முதல் டேப்பில் நிறைய, கடைசி டேப்பில் இரண்டு பிட்ச் வரை.

6061இல் 8.8 எம்8க்கு அடைத்த துளை போடுவதாக வைத்துக்கொள்வோம். 12 மி.மீ.யோடு மேல் சேம்பர் 1, நுனி 1.25 சேர்த்தால் போல்ட் மேற்பரப்புக்குக் கீழே 14.25 மி.மீ. இறங்க வேண்டும். போல்ட் அடியில் முட்டாமல் இருக்க முழு மரை 16 மி.மீ. வரை போகட்டும். அதற்குக் கீழே டேப்புக்கு இடம் விட, 6.8 ட்ரில் நுனிக் கூம்பைச் சேர்க்காமல் 20 மி.மீ. இறங்க வேண்டும். 12 என்று தொடங்கிய எண் டிராயிங்கில் 20 ஆகிவிட்டது. பிளேட் 18 மி.மீ.தான் என்றால் இந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

போல்ட் நீளத்தையும் இதே கையோடு சரிபாருங்கள். மேலே பிடிக்கும் பாகம் 10, வாஷர் 1.6 என்றால் தலைக்குக் கீழே 25.85 மி.மீ. வேண்டும். 25 மி.மீ. போல்ட் எடுத்தால் பிடிப்பு 11.15 ஆகக் குறையும். 30 எடுத்தால் அடியில் முட்டும். துளையைக் கொஞ்சம் ஆழப்படுத்தி 30 போடுவதா, வாஷர் இல்லாமல் 25 போடுவதா என்பதை இப்போதே முடிவு செய்துவிடுங்கள். அசெம்பிளி மேசையில் கைக்குக் கிடைத்த போல்ட்டைப் போடும் நிலை வரக் கூடாது.

ஒரு முழு உதாரணம்: 20 மி.மீ. ஃபிக்சர் பிளேட்

6061-டி6இல் 20 மி.மீ. தடிமன் பிளேட், எம்8 மரை ஊடுருவிப் போட்ட துளைகள். கிளாம்பை 12.9 ஆலன் போல்ட்டால் பிடிக்கிறார்கள். மேலும் கீழும் 1 மி.மீ. சேம்பர் போனால் முழு மரை 18 மி.மீ. போல்ட் கீழே வெளியே நீட்டினாலும் 18.3 தேவைக்கு நூலிழை குறைவு. பிளேட்டுக்குள்ளேயே நின்றால் 16க்குக் கிட்டே வந்துவிடும். கணக்குப்படி இந்த ஜோடியில் போல்ட்டுக்கு முன்னே மரைதான் போகும்.

முறுக்கைக் குறைத்துவிட்டால் போதாதா என்று கேட்கலாம். முறுக்கு விசையிலிருந்து இழுவிசை வரும் கணக்கு `F = T / (K × d)`. இதில் F இழுவிசை, T முறுக்கு, d போல்ட்டின் விட்டம், K உராய்வைப் பொறுத்து மாறும் எண். 12.9 எம்8க்குக் கொடுக்கும் 40 நியூட்டன் மீட்டரில், உலர்ந்த மரைக்கு K 0.2 என்று வைத்தால் 25 கிலோ நியூட்டன் வரும். எண்ணெய் பட்ட மரையில் K 0.15க்கு இறங்கும், அதே முறுக்கில் 33 வரும். 18 மி.மீ. மரை 44 வரை தாங்கும், சரி. ஆனால் அதே போல்ட் ஏதோ ஓர் இடத்தில் 12 மி.மீ. மட்டும் இறங்கியிருந்தால் மரையின் எல்லை 29. எண்ணெய் பட்ட கையோடு சரியான முறுக்கில் இறுக்கினாலே உரிந்துவிடும். இறுக்கியவர்மேல் எந்தத் தப்பும் இருக்காது.

இந்தப் பிளேட்டுக்கு இரண்டு நல்ல வழிகள் உண்டு. ஒன்று, 8.8 போல்ட்டுக்கு மாறி 25 நியூட்டன் மீட்டரில் நிறுத்துவது. எண்ணெயோடு இறுக்கினாலும் 21 கிலோ நியூட்டன்தான் வரும். 12 மி.மீ. போதும், தாராளமாக இடம் இருக்கிறது. கிளாம்பின் பிடிமானம் இவ்வளவு போதுமென்றால் நான் இதைத்தான் செய்வேன். இரண்டாவது, 16 மி.மீ. நீளக் கம்பிச்சுருள் இன்செர்ட் போடுவது. இன்செர்ட்டின் வெளி மரை சுமார் 9.6 மி.மீ. விட்டம் வருவதால், அலுமினியம் அறுபடும் பரப்பு மி.மீ.க்கு 20 சதுர மி.மீ. அளவுக்குக் கூடுகிறது. 16 × 20 × 145 போட்டால் 46 கிலோ நியூட்டன், 44.7க்குச் சற்று மேல். தினமும் கழற்றி மாட்டும் ஃபிக்சருக்கு இன்செர்ட்டில் இன்னொரு லாபமும் உண்டு. தேய்வது ஸ்டீல் சுருள், அலுமினியம் அல்ல.

ஆழத்தைக் கூட்டிக்கொண்டே போவது மூன்றாவது வழியாகத் தோன்றலாம். விட்டத்தின் இரண்டரை மடங்குக்கு மேல் அதை நம்பாதீர்கள். சுமை எல்லா மரைக்கும் சமமாகப் போவதில்லை. ஸ்டீல் நட்டில் முதல் மரையே மூன்றில் ஒரு பங்கைத் தூக்குகிறது, அடியில் இருப்பவை பெயருக்குத்தான். அலுமினியம் ஸ்டீலைவிட மூன்று மடங்கு நெகிழும் என்பதால் பங்கீடு கொஞ்சம் நல்லபடியாக இருக்கும். ஆனாலும் அடி மரைகள் வேலைக்கு வருவதற்குள் மேல் மரைகள் வளையத் தொடங்கியிருக்கும்.

சுவர் மெலிதாக இருந்தால்

மரையின் சரிவு போல்ட்டின் இழுப்பைத் துளைச் சுவரை வெளியே தள்ளும் விசையாகவும் மாற்றுகிறது. சுற்றிலும் உலோகம் நிறைய இருந்தால் பிரச்சினை இல்லை. வார்ப்பில் வரும் குமிழ் போன்ற பாஸின் வெளிவிட்டம், போல்ட் விட்டத்தைப்போல் 1.9 மடங்குக்கு மேல் இருந்தால் கணக்கை மாற்ற வேண்டியதில்லை. 1.5 மடங்காக, எம்8க்கு 12 மி.மீ. பாஸாக இருந்தால் மரையின் பலம் சுமார் 16 சதவீதம் குறையும். அப்போது 12 மி.மீ. என்று வந்த நீளத்தை 0.84ஆல் வகுத்து 14.3 ஆக்க வேண்டும்.

கணக்கைச் சோதித்துப் பார்க்கும் விதம்

உலோகத்தின் தரம் சந்தேகமாக இருந்தால் அதே துண்டில் சோதிக்கலாம். 30 மி.மீ. தடிமன் கட்டையில் எம்8 மரையை ஊடுருவிப் போட்டு, பின்பக்கத்திலிருந்து 9 மி.மீ. ட்ரில்லை வெவ்வேறு ஆழத்துக்கு இறக்குங்கள். சேம்பரைத் தள்ளி 8, 10, 12, 14 மி.மீ. மரை மட்டும் மிஞ்சட்டும். நீளமான புதுப் போல்ட், தலைக்கு அடியில் கடினமான வாஷரும் ஸ்டீல் புஷ்ஷும் வைத்து, டார்க் ரெஞ்சில் மெதுவாக இறுக்குங்கள். கண்ணாடி கட்டாயம் போட வேண்டும், போல்ட் தலை தெறிக்கும்.

இறுக்கும்போது முறுக்கு ஏறிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் ஏறாமல் போல்ட் மட்டும் சுற்றும். போல்ட்டும் அந்த நேரத்தில் நீளும் என்பதால் கையின் உணர்வை மட்டும் வைத்து எது போகிறது என்று சொல்ல முடியாது. நிறுத்திக் கழற்றிப் பாருங்கள். போல்ட் தண்டில் ஓரிடம் இடுப்புபோல ஒடுங்கி, பிட்ச் கேஜ் அங்கே ஒட்டாமல் நின்றால் போல்ட் நீண்டிருக்கிறது, மரை தாங்கியிருக்கிறது. பிட்ச் கேஜ் சரியாக உட்கார்ந்து, பள்ளங்களில் அலுமினியச் சுருள் இருந்தால் மரை போய்விட்டது. துளையைச் சுற்றி மேற்பரப்பு மெல்லப் புடைத்திருப்பதும் மரை போகத் தொடங்கியதன் அடையாளம். ஸ்டீல் ஸ்கேலை வைத்துப் பார்த்தால் அந்தப் புடைப்புக்குப் பக்கத்தில் வெளிச்சம் கசியும்.

இந்தச் சோதனையில் ஒரு குறை உண்டு. இறுக்கும்போது போல்ட் இழுபடுவதோடு முறுக்கவும்படுகிறது. அதனால் நேராக இழுத்தால் தாங்கும் விசையைவிட 15 முதல் 20 சதவீதம் குறைவிலேயே அறுந்துவிடும். 10 மி.மீ. மரையில் போல்ட் அறுந்தது என்றால், இறுக்கும் வேலைக்கு 10 போதும் என்றுதான் பொருள். இயந்திரம் ஓடும்போது நேர் இழுப்பு வரும் இடத்துக்கு அந்தப் பத்தை 12 ஆக்கிவிடுங்கள்.